குறும்படக் காட்சி: ஞாயிறு பிற்பகல் 1.30



வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 1.30க்கு நமது பாடசாலை மண்டபத்தில் குறும்படம் ஒன்றைத் திரையிடுகிறோம். பெயர் சுவரொட்டியில் உள்ளது. இறப்பர் பால் வெட்டும் ஒரு தாயின் ஒரு நாளைச் சொல்லும் 24 நிமிடப் படம். தமிழில் பேசுகிறது, சிங்கள எழுத்துகள் கீழே ஓடும். அதன் பின் கலந்துரையாடல்.

ஏன் 1.30 என்று பலர் கேட்டார்கள். மழையால் வெட்டு தவறிய வாரங்களில் நமது தோட்டங்களில் ஞாயிறும் வெட்டு நடக்கும். பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுக்க நண்பகலாகிவிடும். முற்பகலில் வைத்தால், யாருடைய கதையோ அவர்களே வர முடியாது. மூன்று மணிக்கு வைத்தால், கேகாலைப் பக்கத்துப் பிற்பகல் மழை தகரக் கூரையில் விழுந்து வசனம் கேட்காது, மின்சாரமும் போகலாம். 1.30 என்றால் ளுஹர் தொழுதுவிட்டும் வரலாம், மழைக்கு முன் படமும் முடிந்துவிடும். கதவு 1.00க்குத் திறக்கும். விளக்கை அணைத்தபின் யாரையும் உள்ளே விட மாட்டோம்.

ஆசனங்கள் 70 மட்டுமே. மண்டபத்தில் இன்னும் நாற்காலி போடலாம்தான். ஆனால் நமது திரை எட்டு அடி அகலம். உட்கார்ந்து பார்த்தோம், ஏழாவது வரிசைக்குப் பின்னால் கீழே ஓடும் எழுத்தை வாசிக்க முடியவில்லை. சிங்கள அயலவர்கள் பார்க்க வந்துவிட்டு வாசிக்க முடியாமல் இருக்கக் கூடாது. அதனால்தான் வரிசைக்குப் பத்தாக ஏழு வரிசை.

"ஆசனங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை" என்றால் நமக்கில்லை என்று லயத்தில் நினைப்பார்கள். எனவே முன்வரிசை இரண்டும் பால் வெட்டும், கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு. அவர்கள் போனில் எதையும் நிரப்பத் தேவையில்லை. பிள்ளையிடம் பெயரைச் சொல்லி அனுப்பினால் போதும். மீதி 50 ஆசனங்களுக்கு வெள்ளி மாலைக்குள் பாடசாலையில் பெயர் கொடுங்கள். 1.20க்குள் வராவிட்டால் அந்த ஆசனம் வாசலில் நிற்பவருக்கு.

அனுமதி இலவசம். படத்தை எடுத்த இளைஞர்கள் பணம் வாங்காத ஒரே ஒரு காட்சிக்குத்தான் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார்கள். அதனால் டிக்கெட்டும் இல்லை, உண்டியலும் இல்லை.

போனில் படம் பிடிக்கவோ நேரலை போடவோ வேண்டாம். படத்தை விழாக்களுக்கு அனுப்பவிருக்கிறார்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. நீங்கள் பாசத்தோடு போடும் இரண்டு நிமிடத் துண்டுகூட அவர்களது வாய்ப்பைக் கெடுத்துவிடலாம்.

மலையகத் தோட்ட வாழ்வைப் பேசிய சிவமோகன் சுமதியின் 'இங்கிருந்து' 2013இல் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதை ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தோம்? இப்படிப்பட்ட படங்கள் தானாக நம் ஊருக்கு வருவதில்லை. யாராவது கேட்டு வாங்கித் திரையிட்டால்தான் உண்டு.

கைக்குழந்தைகள் மடியில் இருக்கலாம். அழுதால் வெளி விறாந்தையில் பாய் விரித்திருப்போம்.

வாருங்கள்.