ஆறு மணி இடத்தில் ரூட்

குழாய் வெல்டிங்கில் சம்பளத்தைப் பிரிப்பது 45 டிகிரி சாய்வு. குழாயைச் சாய்த்துக் கட்டி நிறுத்திவிடுவார்கள். திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றி வந்து மேலே, பக்கத்தில், அடியில் என எல்லா நிலையையும் ஒரே மூட்டில் அடித்து முடிக்க வேண்டும். இதைத்தான் 6ஜி என்கிறோம். இதில் தேறியவரை எந்த நிலையில் இருக்கும் குழாய் மூட்டுக்கும் விடலாம். தைப்பிங்கிலும் கமுந்திங்கிலும் கேட்டும் ஜன்னல் கிராதியும் அடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 6ஜி கைக்குத்தான் பஞ்சம்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம், இதற்குக் கொடுக்கும் காகிதத்துக்கு ஆயுள் குறைவு என்பது. நாங்கள் பெரும்பாலும் வேலை செய்வது ஏஎஸ்எம்இ விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பகுதிப்படி. வெல்டரைச் சோதிக்கும் பொறுப்பு அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துடையது. ஒரு கம்பெனியில் தேறிய காகிதத்தை அடுத்த கம்பெனியில் நீட்டினால், “சரி, அங்கே பூத் இருக்கு, அடிச்சுக் காட்டு” என்பார்கள். அதோடு, டிக் அடிக்கத் தேறியவர் ஆறு மாதம் டிக்கைத் தொடவில்லை என்றால் அந்தத் தகுதியும் காலாவதி. எஸ்கேஎம் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்கலாம். 6ஜி தகுதி அப்படித் தொங்காது. ஆகவே கையும், அந்தக் கையைச் சோதனை பூத் வரை கூப்பிட்டுக்கொண்டு போகும் ஆட்களும்தான் இந்தத் தொழிலில் ஒருவன் சேர்த்து வைக்கக்கூடிய முதல்.

எனக்குக் கை கொடுத்த அண்ணன் செலாமா பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முதலில் டார்ச்சை என்னிடம் தரவே இல்லை. கிரைண்டரைத்தான் தந்தார். குழாயின் முனையை 37.5 டிகிரிக்குச் சரிக்க வேண்டும், இரண்டு குழாயும் சேர்ந்தால் 75 டிகிரி வாய் திறந்திருக்கும். முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் மொட்டையாக விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. அந்த இடைவெளி ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் மூன்றரையுமாக இருந்தால் எந்த வெல்டராலும் ரூட் சீராக வராது. “பாதி வெல்டிங் ஃபிட்டர் கையில இருக்குடா” என்பார். நல்ல ஃபிட்டரை விட்டுவிடாதே என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று பின்னால் புரிந்தது.

பிறகு ரூட். முதல் பாஸை 2.4 மில்லிமீட்டர் கம்பியோடு டிக்கில் போடுவோம். அதன்மேல் இன்னொரு டிக், அப்புறம் 7018 ராடால் நிரப்பி மூடுவோம். மூட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் கஷ்டம் ஆறு மணியில், அதாவது அடிப்பகுதியில். அங்கே உருகிய இரும்பு தன் எடையால் கீழே, வெல்டர் பக்கமாக வழிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அழகாக நிறைந்திருக்கும். குழாய்க்குள் டார்ச்லைட் அடித்துப் பார்த்தால் ரூட் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் அது மூட்டின் நடுவே கருத்த கோடாக வரும். புதிய ஆள் இன்னும் சூடு வேண்டும் என்று கரண்ட்டை ஏற்றுவான், குழி இன்னும் ஆழமாகும். அண்ணன் செய்தது இதற்கு நேர்மாறு. கரண்ட்டைக் கொஞ்சம் இறக்கி, ஆர்க்கைக் குட்டையாக்கி, கம்பியை இடைவெளி வழியாக உள்ளே நுழைத்து, குழாயின் உள்சுவர் மட்டத்தில் உருக வைத்தார். உருகும் முனையில் கீஹோல் என்கிற சிறு துளை ஒரே அளவில் முன்னே நகர வேண்டும். துளை பெரிதானால் உள்ளே கட்டி தொங்கும், மூடிக்கொண்டால் ரூட் பிடிக்காது. புத்தகத்தில் இது இரண்டு வரி. அவர் தோளுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு நின்று பார்த்தால்தான் கைக்கு ஏறும்.

வேலை வருவது விளம்பரத்தில் அல்ல. கெர்தேயிலோ பெங்கெராங்கிலோ ஒரு ஆலையைச் சில வாரம் நிறுத்திப் பழுது பார்க்கும் ‘ஷட்டவுன்’ வந்தால், ஃபோர்மேன் தன் ஃபோனைத் திறந்து தனக்குத் தெரிந்தவர்களை அழைப்பார். அவர் கேட்பது ஒன்றுதான்: இவன் மூட்டில் எத்தனை ரிப்பேர் வரும்? ஒரு மூட்டு ஃபிலிமில் விழுந்தால் அதை வெட்ட வேண்டும், திரும்ப அடிக்க வேண்டும், திரும்பப் படம் எடுக்க வேண்டும். படம் எடுக்கையில் கதிர்வீச்சுக்காக அந்தப் பகுதியைக் காலி செய்வதால், பக்கத்தில் இருப்பவர்கள் வேலையும் நிற்கும். அதனால் பத்து வெள்ளி அதிகம் கேட்பவனை எடுப்பார்களே தவிர, ரிப்பேர்க்காரனை எடுக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு ஃபிட்டருக்குத் தெரியும், ஃபிலிம் படிக்கிறவருக்குத் தெரியும், ஹெல்பருக்கும் தெரியும். பெயரைச் சொல்வதும் அவர்கள்தான். நான் மரியாதையாக நடத்திய ஹெல்பர் ஒருவன் பின்னாளில் ஃபோர்மேன் ஆனான். என் நல்ல வேலைகளில் பாதி அவன் அழைத்தவை.

ஆனால் இப்படி வேலைக்கு அழைக்கும் எல்லா வலையும் ஒன்றல்ல. அந்தக் காலத்துக் கங்காணி தான் கூட்டிவந்த ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கினார். இன்று ஆள் சப்ளை செய்கிறவர் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாங்குகிறார். ஃபோர்மேன் நேராக அழைத்தால் அந்தக் கழிவு நம் கைக்கு வரும்.

அரிதிலும் அரிதான வேலை எங்கள் பக்கமே இருந்தது. லுமுட் அருகே மஞ்சோங் நிலக்கரி மின்நிலையத்தின் 1,000 மெகாவாட் யூனிட் 2015இல் ஓடத் தொடங்கியது. இந்த வகைக் கொதிகலன்களில் நீராவி அவ்வளவு சூடாக ஓடுவதால் சாதாரண இரும்பு தாங்காது, குரோம் கலந்த பி91 போன்ற எஃகு வேண்டும். அடிப்பதற்கு முன் ஏறக்குறைய 200 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். குழாய்க்குள் ஆர்கான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ரூட்டின் உள்பக்கம் கருகிச் சொரசொரப்பாகும். முடிந்த பிறகு 750 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக வைத்துப் பதப்படுத்த வேண்டும். பதப்படுத்தாத பி91 கண்ணாடி மாதிரி நொறுங்கும். இதைக் கற்கத் துண்டுக் குழாயும் ஆர்கானும் தேவை, இரண்டும் விலை. யாராவது உள்ளே இருப்பவர் சூப்பர்வைசரிடம் சொல்லி, ஷிப்ட் முடிந்தபின் துண்டில் பழக விட்டால்தான் உண்டு. அண்ணன் எனக்காகச் சொன்னது அந்த ஒரு வார்த்தை. அதன் மதிப்பு நாள் கூலியில் தெரிந்தது.

நாள் கூலி பெரிதாகத் தெரியும்போது கேட்க வேண்டிய கேள்வி இபிஎஃப். மாதம் 5,000 வெள்ளி சம்பளக்காரனுக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது 650 வெள்ளி, தன் பங்காகப் போட வேண்டும். வருடத்துக்கு 7,800. இபிஎஃப் கட்டாத சப்-கான்ட்ராக்டரிடம் பத்து வருடம் ஓடினால், டிவிடெண்டைச் சேர்க்காமலே 78,000 வெள்ளி போச்சு. ஷட்டவுன்களுக்கு இடையே சும்மா இருக்கும் வாரங்களையும் கழித்துப் பார்த்தால், நூறு வெள்ளி கூடுதல் கூலி சில சமயம் குறைந்த கூலியாகிவிடும்.

முழங்காலும் முதுகும் எப்படியும் ஒரு வயதில் நிறுத்தச் சொல்லும். அங்கிருந்து போகும் வழி, வெல்டிங் இன்ஸ்பெக்டர். சிஎஸ்விப் 3.1 என்ற தேர்வு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்பார்கள். தோட்டத்துப் பள்ளியில் படித்த நமக்கு அதுதான் பெரிய சுவர். கேள்வி புரிந்தால் பதில் கையில் இருக்கிறது, ஆறு மணியில் ஏன் குழி விழுகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பழைய வினாத்தாள்களை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தமிழில் பேசிப் படித்தோம். கண் பரிசோதனையும் உண்டு: அருகில் இருப்பதைப் படிக்கும் பார்வையும் நிறமும். இத்தனை வருடம் ஆர்க் பார்த்த கண்ணுக்குப் பயந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க அனுமதி இருக்கிறது.