பரணில் கிடந்த பல்லாங்குழி



ஆலங்குடியில் என்னோடு இருக்கும் பெரியக்காவுக்கு 78 வயது. மறதி நோயின் தொடக்கம் என்றார் மருத்துவர். மூளைக்கு வேலை கொடுக்கலாமென்று சுடோகு புத்தகம் வாங்கினேன். விதியைச் சொல்லச் சொல்ல மறந்தார். "எனக்குப் புத்தி போயிருச்சாடா தம்பி?" என்று அழுதுவிட்டார். புதிதாகக் கற்றுக்கொடுக்கப் போனது என் தவறு.

பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கினேன். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. சிறுவயதில் பழகிய கை, தானே அள்ளிப் போட்டது. எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது. குழியில் 4 சேர்ந்ததும் 'பசு' எடுப்பதைத்தான் சிலசமயம் விட்டுவிடுவார். நான் திருத்துவதில்லை. அந்தக் குழியைப் பார்ப்பேன், அவரும் பார்த்துவிடுவார்.

தாயம் ஒத்துவரவில்லை. அடுத்தடுத்து விழுந்த எண்களை மனதில் வைத்துக் காய் நகர்த்த வேண்டுமே!

பல்லாங்குழியிலும் ஒரு சுற்றுதான். அடுத்த சுற்றில் தோற்றவரின் குழிகள் காலியாகக் கிடக்கும். அது அக்காவை வாட்டும். ஒரே குழியில் இரண்டு கொட்டை போட ஆரம்பித்தால் களைத்துவிட்டார் என்று பொருள். உடனே எடுத்து வைத்துவிடுவேன்.

இதனால் நோய் தீராது. ஆனால் நேற்று என்னை ஜெயித்துவிட்டுச் சிரித்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விளையாட்டு வாங்குமுன், சின்ன வயதில் என்ன ஆடினார்கள் என்று கேளுங்கள்.