மூன்று ஊருக்கு ஒரு கோபுரம்

மயிலாப்பூரில் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். நேரியல் திட்டமிடல் பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி கேட்டாள்: "சார், எல்லாக் கட்டுப்பாடும் நேர்கோடாவே இருக்கே. நடுவுல தூரம் வந்தா என்ன செய்யறது?" பதிலுக்கு ஊரையே கிராஃப் தாளில் போட்டோம்.

பனகல் பார்க் (0, 0). கபாலீசுவரர் கோயில் குளம் அங்கிருந்து சுமார் 4 கி.மீ. கிழக்கே, 1 கி.மீ. தெற்கே. அடையாறு டெப்போ 2.5 கிழக்கே, 4.5 தெற்கே. மூன்றுக்கும் எட்டும்படி ஒரு வயர்லெஸ் கோபுரம் நிறுத்த வேண்டும். அதன் வீச்சு t எவ்வளவு குறைவாக இருக்கலாம்? மூன்று புள்ளிகளையும் அடக்கும் மிகச் சிறிய வட்டத்தைத் தேடுகிறோம். சில்வெஸ்டர் 1857-இல் எழுப்பிய கேள்விதான் இது.

நேர்கோடு மட்டுமே கையில் இருந்தால் வட்டத்துக்குப் பதில் சதுரம் போட வேண்டியதுதான்: கிழக்கு மேற்கில் t-க்குள், வடக்கு தெற்கில் t-க்குள். விடை 2.25 கி.மீ. என்று வருகிறது, கோபுரத்தை (2, 2.25)-இல் வைக்கலாம். ஸ்கேலை வைத்து அளந்தாள். பனகல் பார்க் 3 கி.மீ. தள்ளி நிற்கிறது! சதுரத்தின் மூலை வட்டத்தைத் தாண்டி நீள்வதால் வந்த வினை. எண்கோணம், பதினாறு கோணம் என்று போனால் பிழை சுருங்கும், முற்றாகத் தீராது.

தூரத்தைத் தூரமாகவே எழுதினால்தான் தீரும். x, y, t மூன்றையும் அச்சுகளாக வைத்தால், 'தூரம் ≤ t' என்ற ஒவ்வொரு கட்டுப்பாடும் அந்தந்த இடத்தில் நுனியை ஊன்றி மேலே விரியும் ஒரு கூம்பு. மூன்று கூம்புகளுக்கும் பொதுவான பகுதியின் அடிப்புள்ளிதான் விடை: (1.61, 2.05), t = 2.61. அது போட் கிளப் பக்கம் விழுகிறது. குறைக்க வேண்டிய t இன்னமும் நேரியல்தான், கட்டுப்பாடுதான் கூம்பாகிவிட்டது. செகண்ட் ஆர்டர் கோன் புரோகிராம் என்பது இதுவே. விடை சரியா என்று பார்ப்பதும் எளிது: மூன்று தூரமும் சமம், புள்ளி முக்கோணத்துக்குள் இருக்கிறது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஓரிடமாவது விலகிப் போகும். முக்கோணம் விரிகோணமாக இருந்திருந்தால் விடை நீண்ட பக்கத்தின் நடுவில் போய் நிற்கும். மூன்றாம் இடம் கணக்கிலேயே வராது.

அதே கட்டுப்பாட்டை அணியாகவும் எழுதலாம். கோபுரத்திலிருந்து ஓர் இடம் u கிழக்கே, v தெற்கே, நேர்தூரம் d என்றால்:

```
[ t  u  v ]
[ u  t  0 ]
[ v  0  t ]
```

இதன் ஐகன் மதிப்புகள் t, t+d, t−d. எதுவும் எதிர்மமாகக் கூடாது என்றால் d ≤ t ஆகிவிடுகிறது. செமிடெஃபினிட் புரோகிராம் கேட்பது இந்த நிபந்தனையைத்தான். மூலைவிட்டம் தவிர மற்றதெல்லாம் பூஜ்யமானால் பழைய நேரியல் கணக்கு திரும்பி வந்துவிடும்.

ஆனால் கோபுரத்துக்கு அணி வீண் சுமை. கூம்பே வேகமாகத் தீர்க்கும். தெரியாதது அணியாகவே இருக்கும்போதுதான் செமிடெஃபினிட் புரோகிராம் தேவை. அதிலும் 2×2 அணியின் நிபந்தனையைக் கூம்பாக மாற்றிவிடலாம். பொதுவான 3×3 அணிக்கு எத்தனை கூம்புகளைச் சேர்த்தாலும் முடியாது என்று ஹம்ஸா ஃபாவ்ஸி நிரூபித்திருக்கிறார்.