தலைகீழாய் நிற்கும் நான்கு பக்கங்கள்

அக்கா மகள் எட்டுப் படம் வரைந்து எட்டுப் பக்க பிடிஎஃப் ஆகக் கொடுத்தாள். "மாமா, இதை ஒரே ஏ4 தாளில் அடிச்சு மடிச்சா சட்டைப் பையில போற சைன் ஆயிடும்" என்றாள். தாளைக் கிடையாக வைத்தால் மேலே நான்கு கட்டம், கீழே நான்கு. கீழ்வரிசையில் 1, 2, 3, 4 என்று வைத்தேன். மேல்வரிசையில் வலமிருந்து இடமாக 5, 6, 7, 8 தலைகீழாக. அச்சடித்து, நடுவில் வெட்டி மடித்தால், முதல் பக்கம் எப்படிப் புரட்டினாலும் இடப்பக்கமாகவே வந்து நின்றது. அட்டைப்படம் பின்னட்டை ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் பழைய கம்பாசிட்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். "கம்ப்யூட்டரை மூடி வை தம்பி. வெறுந்தாளை மடி, மடிச்ச பிறகு நம்பர் போடு, அப்புறம் பிரி" என்றார்.

தாளை நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் பிரித்தேன். அகலவாக்கில் இரண்டாக, பிறகு நான்காக மடித்துப் பிரித்தேன். எட்டுக் கட்டத்துக்கும் மடிப்புக்கோடு விழுந்தது. மறுபடி அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்புவரை மட்டும் வெட்டினேன். பிரித்தால் நடு இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு ஒரு கீறல். தாளை நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளியதும் கூட்டல் குறிபோல நான்கு இதழ் விரிந்தது. அதைச் சுற்றி மடித்து எண் போட்டுப் பிரித்தபோது கிடைத்தது இது:

```
7  6  5  4   (தலைகீழ்)
8  1  2  3
```

என் பிழை அப்போதுதான் பிடிபட்டது. கீறல் விழுந்த தாள் எட்டுக் கட்டம் கொண்ட ஒரு வளையம். வரிசையை நான் சரியாகவே பிடித்திருந்தேன். தொடங்கிய இடம்தான் ஒரு கட்டம் தள்ளிவிட்டது. கீழ்வரிசையின் நடு இரண்டு கட்டங்களும் முதுகோடு முதுகு ஒட்டி ஒரே இதழாகின்றன. அங்கே 1, 2 இருக்க வேண்டும். நான் 2, 3ஐ வைத்திருந்தேன்.

மேல்வரிசை ஏன் தலைகீழ் என்று கேட்டேன். "ஃபாரத்திலயும் அப்படித்தானே? தலைக்குத் தலை" என்றார் சர்வசாதாரணமாக. அந்தப் பதில்தான் என்னைத் தேட வைத்தது.

சைன் என்ற பெயருக்கு வயது அதிகமில்லை. 1940இல் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர் லூயிஸ் ரஸ்ஸல் ஷோவெனே 'ஃபேன்சைன்' என்ற சொல்லை உருவாக்கினார். அதன் வால்தான் சைன். உடம்பு மிகப் பழையது. வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கமாக வெளியிட்டது ஆக்டேவோ என்ற மடிப்பில். ஒரு தாளின் இருபுறமும் அச்சடித்து மூன்றுமுறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். தாளின் ஒரு புறத்தில் கீழே 4, 13, 16, 1. மேலே தலைகீழாக 5, 12, 9, 8. நம் அச்சகங்களின் பதினாறு பக்க ஃபாரமும் இதே குடும்பம். பக்கங்களின் தலைகள் சந்திக்கும் இடத்தில்தான் மடிப்பு விழுகிறது. மடித்த பிறகு எல்லாம் நிமிர்ந்து நிற்க, பாதி பக்கங்கள் தாளில் கவிழ்ந்திருந்தே ஆக வேண்டும்.

ஆக்டேவோவை மடித்துத் தைத்த பிறகு தலைமடிப்பை அறுத்துத் திறப்பார்கள். சைனில் முதலிலேயே நடுவில் மட்டும் வெட்டிவிடுகிறோம், அதனால் ஒருபுற அச்சே போதும். ஓரத்து இரண்டு இதழ்களின் தலைமடிப்பு கடைசிவரை அறுபடாமலே இருக்கும். அதில் விரலை நுழைத்தால் வெள்ளைத் தாள் தெரியும்.

வரிசை தெரிந்த பிறகு பிடிஎஃப் வேலை இரண்டு வரிதான். மூலக் கோப்பில் பக்கங்கள் நிமிர்ந்த ஏ7 அளவில், அதாவது 74 × 105 மில்லிமீட்டரில், வரிசையாக இருக்க வேண்டும். முதல் கட்டளை 4 முதல் 7 வரையிலான பக்கங்களைக் கவிழ்க்கிறது, அடுத்தது கட்டத்தில் அடுக்குகிறது:

```
qpdf zine.pdf --rotate=+180:4-7 rot.pdf
pdfjam rot.pdf '7,6,5,4,8,1,2,3' --nup 4x2 --landscape --outfile sheet.pdf
```

அப்படியும் முதல் பிரதியில் சில பக்கங்களின் எழுத்து மடிப்பை ஒட்டி வந்தது. பிரிண்டர், தாளுக்குப் பொருந்தும்படி பக்கத்தைச் சுருக்கியிருந்தது. 97 சதவீதமாகச் சுருங்கினால் தாளின் நடு மடிப்பு சரியாக இருக்கும்; கால்பாக மடிப்பில் மட்டும் படம் இரண்டு மில்லிமீட்டர் விலகிவிடும். அச்சு அளவை 100 சதவீதமாக மாற்றினேன். பிரிண்டரால் தாளின் விளிம்பு வரை அடிக்க முடியாது என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் சுற்றிலும் ஆறு மில்லிமீட்டர் வெற்றிடம் விடச் சொன்னேன். அக்கா மகள் ஒரு பூனையின் வாலை வெட்ட வேண்டியிருந்தது, முகத்தைச் சுளித்தாள்.

மடித்த சைனை அவளிடம் கொடுத்தேன். வாங்கியவள் படிக்கவில்லை, முழுசாகப் பிரித்துத் திருப்பினாள். "பின்பக்கம் முழுசா காலியா இருக்கே மாமா" என்று பேனாவைத் தேடினாள்.