மொய் நோட்டும் அறிவிப்புப் படிவமும்

மதுரைப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக உள்தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பரிசு, விருந்தோம்பல் பற்றிய எங்கள் விதியை முதலில் எழுதியவன் நான். அதை இரண்டு முறை திருத்தியவனும் நான்தான். முதல் தடவை திருத்த வேண்டி வந்ததற்குக் காரணம் தொகையோ வரம்போ இல்லை. முதல் விதியில் நான் எழுதிய ஒரே ஒரு வரிதான்: ‘வரம்புக்கு மேற்பட்ட பரிசை நாகரிகமாக மறுத்துவிடவும்.’

மற்றவை எல்லாம் எளிமையாகவே இருந்தன. எங்களுக்குச் சரக்கோ சேவையோ தருபவர்களிடமிருந்து ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் மதிப்புக்குள் வாங்கலாம். ஒரே ஆளிடமிருந்து வருடத்துக்கு மொத்தம் 3,000. ரொக்கம் கூடவே கூடாது. எது வந்தாலும் மூன்று வேலை நாளுக்குள் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த ஒரு தம்பி, சப்ளையர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போனார். கிளம்பும்போது வீட்டு அம்மா வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ஒரு பட்டு வேட்டியையும் தட்டில் வைத்து நீட்டினார். தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “வேண்டாம்மா, கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டார். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்க, அந்த அம்மா தட்டும் கையுமாக அப்படியே நின்றாராம். விதிப்படி நடந்தவர் தம்பி. அவமானப்பட்டது இரண்டு பேர். அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்தைப் பற்றியும் எங்களிடம் வாய் திறக்கவில்லை.

அவர் மட்டுமல்ல. அந்த வருடம் எட்டு மாதம் பதிவேடு வெறுமையாகக் கிடந்தது. நடுவில் தீபாவளியும் பொங்கலும் வந்து போயின. பதினான்கு பேர் இருக்கும் கொள்முதல் பிரிவுக்கு ஒரு இனிப்புப் பெட்டிகூட வரவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பதிவேடு காலியாக இருப்பதை ஒழுக்கத்தின் அடையாளமாகச் சிலர் மேலிடத்துக்குக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் அதுதான் முதல் அபாய அறிகுறி.

அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘நாலு பேர் முன்னால் நீட்டினால் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் எழுதிக் கொடுங்கள். திருப்பி அனுப்புவது கம்பெனியின் வேலை.’ சொல்வதற்கு ஒரு வாக்கியமும் தந்தோம்: “சந்தோஷம். எங்க ஆபீஸ்ல இதை எழுதி வைக்கணும், எழுதிடுறேன்.” இதில் ‘வேண்டாம்’ என்ற சொல் இல்லை. கொடுக்கிறவர் நல்ல மனசோடு கொடுத்திருந்தால் இது அவரைத் தொடாது. வேறு எண்ணத்தோடு கொடுத்திருந்தால் அவரே தயங்குவார். பணமும் தங்கமும் மட்டும் விலக்கு. அவற்றை வாங்கவே கூடாது. பையில் திணித்துவிட்டால் அன்று இரவே எனக்கோ என் மேலாளருக்கோ போன் வர வேண்டும்.

விருந்து பற்றி எங்களுக்கு ஒரு நல்ல சொல் கிடைத்தது மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளிலிருந்து. 1964-ஆம் வருடத்து விதிகள் அவை. தற்செயலான ஒரு வேளைச் சாப்பாடு பரிசாகாது என்கின்றன அவை. ஆடம்பரமான விருந்தையும் அடிக்கடி நடக்கும் விருந்தையும் தவிர்க்கச் சொல்கின்றன. ‘அடிக்கடி’ என்பதைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். சப்ளையர் ஆலைக்குப் போன இடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் எழுத வேண்டாம். அதே ஆளோடு மாதத்தில் இரண்டாவது சாப்பாடு என்றால் எழுத வேண்டும்.

உண்மையான சிக்கல் மொய். மொய் ரொக்கம்தான். ஆனால் எங்கள் பக்கம் அது செய்முறை. நான் உங்கள் வீட்டில் செய்தது, என் வீட்டுக்குத் திரும்பி வருவது. அதைத் தடை செய்தால் விதியைத்தான் தூக்கி எறிவார்கள். இரண்டாவது திருத்தத்தில் மொய்க்குத் தனி வரம்பு வைத்தோம். பழைய மொய் நோட்டில் ஊழியர் அந்த வீட்டுக்கு எழுதிய தொகை இருந்தால் அந்த அளவு வரை நிற்கலாம். இல்லாவிட்டால் 1,001. முதலில் 1,000 என்றுதான் போட்டிருந்தேன். யாரும் 1,000 என்று மொய் எழுத மாட்டார்கள், ஒரு ரூபாய் சேர்த்துத்தான் எழுதுவார்கள் என்று கடைநிலை ஊழியர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

அந்த விதிக்கு முதல் சோதனை, கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவரின் மகள் கல்யாணம். பத்திரிகை கொடுக்கும் முன்பே, எங்களோடு வியாபாரத் தொடர்புள்ள எட்டுப் பேரை அழைப்பதாக எழுதிக் கொடுத்தார். அந்த எட்டுப் பேருக்கும் கம்பெனியின் பெயரில் கடிதம் போனது: வாழ்த்த வாருங்கள், மொய் 1,001-க்கு மேல் வேண்டாம். மேற்பார்வையாளர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்யாணத்தன்று லாரி ஒப்பந்ததாரர் 10,001 எழுதினார். மொய் எழுதிய பையனுக்கு விவரம் தெரியாது. மறுநாள் நோட்டைப் புரட்டிய மேற்பார்வையாளர் இன்னொன்றையும் கவனித்தார். அதே பெயருக்குக் கீழே தொடர்ந்து ஐந்து வரிகள், ஐந்தும் 1,001, ஐந்தும் அதே ஊர். ஒப்பந்ததாரரின் டிரைவர்கள். அவர்களில் மூன்று பேர் கல்யாணத்துக்கே வரவில்லை. தொகையை உடைத்துக் கொடுப்பது இப்படித்தான் நடக்கும். நோட்டில் வரிகள் அடுத்தடுத்து விழுவதால் கண்ணில் பட்டுவிடும்.

மேற்பார்வையாளர் நிரப்பித் தந்த அறிவிப்புப் படிவத்தில் ஆறு கட்டங்கள்: தேதி, கொடுத்தவர், அவருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு, பொருள், மதிப்பு, அடுத்த மூன்று மாதத்தில் அவர் சம்பந்தமாக எடுக்க வேண்டிய முடிவு. கடைசிக் கட்டத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். அதில் அவர் எழுதியிருந்தார்: லாரி வாடகை ஒப்பந்தம் மூன்று வாரத்தில் புதுப்பிக்க வேண்டும், விலைப்புள்ளிகளை ஒப்பிடும் குழுவில் நானும் இருக்கிறேன்.

பழைய நோட்டைப் பார்த்தோம். ஒப்பந்ததாரர் வீட்டுக் காதுகுத்துக்கு இவர் 501 எழுதியிருந்தார். ஆகவே நிற்கக்கூடியது 501. மீதி 9,500-உம் டிரைவர்கள் பெயரில் வந்த 5,005-உம் சேர்ந்து 14,505 ரூபாய், கம்பெனிக் கடிதத்தோடு ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. மேற்பார்வையாளர் அந்தக் குழுவிலிருந்து விலகினார். அவர் இடத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் உட்கார்ந்தார். பணத்தைத் திருப்பியதைவிட இதுதான் முக்கியம். பணம் போய்விட்டாலும் நன்றி மனசில் தங்கிவிடும்.

ஒப்பந்ததாரர் எனக்குப் போன் செய்தார். “மொய்யைத் திருப்பி அனுப்புற ஊரு எதுங்க? செய்முறையில கம்பெனி ஏன் வருது?” கோபம் நியாயமானதுதான். “அவரு திருப்பலைங்கண்ணே, நாங்க திருப்புறோம். அவரு மேல வருத்தப்படாதீங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அவர்கிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒப்பந்தம் அவருக்கே போனது. வந்த நான்கு விலைப்புள்ளிகளில் அவருடையதுதான் குறைவு. அந்தக் கோப்பில் விலை ஒப்பீட்டுத் தாளுக்கு அடுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்ட படிவமும் மொய் நோட்டுப் பக்கத்தின் நகலும் இருக்கின்றன.