ஒரே வைஃபை, ரெண்டு கணக்கு



போன கிழமை இஷா தொழுதுவிட்டு வந்தால் வீட்டில் ஒரே சத்தம். மூத்தவரின் PS4 இல் 40 ஜிபி கேம் ஒன்று இறங்குகிறது, இன்னும் ஏழு மணித்தியாலம் என்று காட்டுகிறது. "வாப்பா, லைன் சரியில்ல. பெரிய பக்கேஜ் ஒண்டுக்கு மாறுவோம்" என்கிறார். என் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். 92 எம்பிபிஎஸ். அவர் Test Internet Connection போட்டார். 13. ரெண்டு பேரும் ஒரே ஹோலில், ஒரே வைஃபை பெயரில்.

நான் உடனே மகனின் பெட்டியில்தான் பிழை என்றேன். அது முழுதாகச் சரியில்லை.

எங்கள் ரவுட்டர் ஒரே பெயரில் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று ரெண்டு அலைவரிசை விடுகிறது. போன் தானாக 5 இல் ஏறிவிடும். 2013 இல் வந்த முதல் மொடல் PS4 க்கோ 2.4 மட்டும்தான் தெரியும். (பின்னால் வந்த Slim, Pro ரெண்டும் 5 ஐயும் பிடிக்கும்.) 2.4 இல் ஒன்றையொன்று இடிக்காத செனல் மூன்றுதான்: 1, 6, 11. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ரவுட்டர். எல்லோரும் அந்த மூன்றுக்குள்தான் நெரிபடுகிறோம்.

இதை உறுதிப்படுத்த ரவுட்டர் செட்டிங்ஸில் ரெண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். போனை 2.4 இல் இணைத்து, PS4 க்குப் பக்கத்தில் வைத்து மறுபடி டெஸ்ட். 17! இப்போது போனும் அதே பாட்டைத்தான் பாடுகிறது.

அடுத்து ரவுட்டரிலிருந்து PS4 க்கு லேன் கேபிள் இழுத்தோம். 52 வந்தது. சந்தோஷம்தான், ஆனால் ஏன் 92 இல்லை?

போனின் டெஸ்ட் பக்கத்தில் உள்ள சேர்வரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. எனக்கு அது கொழும்பு. ஒரே நேரத்தில் பல இணைப்பும் திறக்கிறது. கன்சோலோ தன்னைத் தயாரித்த கொம்பனி காட்டும் சேர்வருக்குப் போகிறது. அது எங்கே என்று திரையில் வராது. தூரம் கூடினால் என்ன? அனுப்பும் பக்கம் ஒரு அளவு அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் வரத் தாமதமானால், லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாதி நேரம் சும்மா கிடக்கும்.

போனிலும் பார்த்தேன். 5 இலேயே வைத்து, சேர்வரை லண்டனுக்கு மாற்றினேன். 92 இருந்த இடத்தில் 48. ஆக 52 க்காக PS4 ஐக் குறை சொல்ல முடியாது. கொம்பனிக்கு போன் எடுத்துச் சண்டை பிடித்திருந்தால் நான்தான் வெட்கப்பட்டிருப்பேன்.

கேபிளில் அந்த 40 ஜிபி ரெண்டு மணித்தியாலத்துக்குள் இறங்கியது. பக்கேஜ் மாற்றவில்லை. கேபிள் கதவடியால் போகிறது, கால் தடக்குது என்று உம்மா ஏசுகிறா. ஞாயிற்றுக்கிழமை சுவரோரமாக ஆணி அடித்துக் கொடுக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.