எங்கள் வீட்டின் திணை எது?

எங்கள் வீட்டுக்கு மருமக்களாக வந்தவர்கள் மூவர். மூவரின் கணவர்மாரும் சபரில் இருக்கிறார்கள்: இருவர் சவூதியில், ஒருவர் அமீரகத்தில். சென்ற ஆண்டு எங்களில் இளையவள் தமிழ் இலக்கியத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அடுப்படியில் அமர்ந்து ஐந்திணைப் பாடத்தை உரக்கப் படித்தபோது, “அப்படியானால் நம் திணை எது?” என்று மூத்தவள் கேட்டாள். அந்தக் கேள்வி பல நாட்கள் எங்களோடு இருந்தது. அதன் விளைவாக எழுதப்பட்டதே இக்கட்டுரை.

முதலில் எங்களுக்குத் தோன்றிய விடை பாலை. கணவர் இருப்பது மணல்வெளி. வேறு என்ன சொல்வது? ஆனால் பாடம் அவ்வளவு எளிதாக விடவில்லை. திணையை முடிவு செய்வது நிலம் மட்டுமன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், பறவை, தொழில் ஆகியவை கருப்பொருள். அந்த இடத்தில் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள். மூன்றிலும் தலைமையானது உரிப்பொருளே. புணர்தல் குறிஞ்சிக்கும், இருத்தல் முல்லைக்கும், ஊடல் மருதத்துக்கும், இரங்கல் நெய்தலுக்கும், பிரிதல் பாலைக்கும் உரியவை. பாலைக்கென்று தனி நிலமே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு தம் இயல்பு திரியும்போது பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆகவே பாலை என்பது ஒருவர் போய்ச் சேரும் பாலைவனமன்று. போகும் வழியும், போகப்போகும் நாளுக்கு முந்தைய தவிப்புமே பாலை.

அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைத் திணையைச் சேர்ந்தவை. பாதி நூல் பிரிவையே பேசுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை பொருள் தேடப் போகும் பிரிவைப் பற்றியவை. எங்கள் வாழ்வில் அந்தப் பாதி நூல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. பெட்டியை எடை போட்டு, ஊறுகாய்ப் புட்டியை எடுத்து வைத்து, மீண்டும் எடை போடும் நாட்கள் அவை. பிறகு எறையூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வரையிலான இரவுப் பயணம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சலாம் சொல்வதோடு பாலை முடிகிறது. திரும்பும் வண்டியில் நாங்கள் வேறொரு திணைக்குள் வந்துவிடுகிறோம்.

அது முல்லை. முல்லையின் உரிப்பொருளை இருத்தல் என்பார்கள். ‘வருவேன்’ என்று சொன்னவரின் சொல்லை நம்பி, வீட்டை நடத்திக்கொண்டு, ஆற்றியிருத்தல். அதற்குப் பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. மாலை ஏன் என்பது மஃரிப் பாங்கு கேட்கும் வேளையில் எங்களுக்கு விளங்கியது. பகலில் பள்ளி, ரேஷன் கடை, மாமியாரின் மருந்து என்று நேரம் ஓடிவிடும். பாங்கு சொல்லி, பக்கத்து வீட்டு ஆண்கள் தொழுதுவிட்டு வீடு திரும்பும் காலடி ஓசை கேட்கும்போதுதான் எங்கள் வாசலில் யாரும் நுழையவில்லை என்பது தெரிகிறது. அந்நேரம் சவூதியில் கடிகாரம் இரண்டரை மணி பின்தங்கி நிற்கும். அவர்கள் இன்னும் வேலையில் இருப்பார்கள். இஷா முடித்து, சமைத்து உண்டு, அறையில் அமர்ந்து அவர்கள் அழைக்கும்போது இங்கே பதினொன்றரை ஆகிவிடும். அது யாமம், பழைய கணக்கில் குறிஞ்சிக்கு உரிய பொழுது. பொழுது குறிஞ்சியாக இருக்க, நெஞ்சம் முல்லையாக இருக்கிறது. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள்தாம் மயங்குவதில்லை என்று தொல்காப்பியர் விதித்திருப்பதை இளையவள் எடுத்துக் காட்டினாள். கைப்பேசித் திரைக்குள் ரியாத்தின் அறையும் எறையூரின் அடுப்படியும் ஒன்றாகத் தெரிவதை அவர் பார்த்ததில்லை.

கணவரின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அகப்பாடலில் தலைவன், தலைவி என்பார்களே தவிர ஒருவரின் பெயரைச் சுட்டுவதில்லை. பெயர் வந்துவிட்டால் அது அகமாகாது. வீட்டுக்குள் நடப்பதை ஊர்ப் பேச்சாக்காத அந்தக் கட்டுப்பாடு எங்களுக்குப் பழக்கமானதுதான்.

முல்லைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதில் திரும்பி வரும் நாள் குறிக்கப்பட்டிருக்கும். கார் தொடங்கும்போது வருவேன் என்பான் தலைவன். மழை வந்துவிடும், அவன் வரமாட்டான். அப்போது தோழி, இது உண்மையான கார் அன்று, காலம் தப்பிப் பெய்த மழை என்று தலைவியைத் தேற்றுவாள். எங்கள் வீட்டில் தோழியின் இடத்தில் இருப்பவர் மாமியார்தாம். புரட்டாசியில் பெரியவரின் விடுப்பு வரவேண்டும். எங்கள் பக்கத்து மானாவாரிக் கரிசலில் சோளம் விதைத்து, அது முழங்கால் உயரம் வளர்ந்தும் விட்டது. “இப்போது டிக்கெட் விலை அதிகம்மா, கொஞ்சம் இறங்கட்டும் என்றிருப்பான்” என்றார் மாமியார். அடுத்த மாதம், “அவனுக்குப் பதில் ஆள் கிடைத்திருக்க மாட்டான்” என்றார். அவர் சொன்னதை மூத்தவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பியதுபோல் இருந்தாள்.

குறித்த நாள் தவறிக்கொண்டே போனால் இருத்தல் இரங்கலாக மாறிவிடுகிறது. அதாவது முல்லை நெய்தலாகிறது. நெய்தலுக்குக் கடல் வேண்டும். எங்களுக்கு மேற்கே பச்சைமலையும் வடக்கே வெள்ளாறும்தான் உண்டு. ஆயினும் இந்த மண்ணில் கடல் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. காரை, சாத்தனூர்ப் பகுதிகளில் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் கல்லான எச்சங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பள்ளிப் பிள்ளைகளோடு நாங்களும் போய்ப் பார்த்திருக்கிறோம். அன்று மூத்தவள் அந்த மரத்தருகே வெகுநேரம் நின்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவது அவளுக்குப் பிடிக்காது.

அவளுடைய நிலையைத் தேற்றும் சொல்லால் மட்டும் சரிசெய்ய இயலாது என்று நாங்கள் உணர்ந்தது, பிரிவுக்கு எல்லை உண்டா என்று தேடியபோதுதான். தொல்காப்பியம் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. வேந்தனின் பணிக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும். பொருளுக்காகப் பிரிவது உள்ளிட்ட ஏனைய பிரிவுகளுக்கும் அதே ஓராண்டு வரம்பு. அகப்பாடலின் இலக்கணத்தில் எதற்கு இந்தக் கணக்கு என்று முதலில் வியந்தோம். பிரிவு அன்பின் ஒழுக்கமாக நிற்பதற்கு ஒரு முடிவு தேவை என்று அந்தப் புலவர் கருதியிருக்கவேண்டும்.

அடுத்து எங்கள் நினைவுக்கு வந்தது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு. மதீனாவின் தெருக்களில் இரவில் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் கவிதை சொல்வதை அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் அச்சமே தன்னைக் காப்பதாக அவள் அதில் கூறினாள். இளையவள் அதைப் படித்துவிட்டு, “இது முல்லைப் பாட்டல்லவா?” என்றாள். வேந்தனின் பணிக்குப் பிரிந்த கணவன், இரவு, கற்போடு ஆற்றியிருக்கும் மனைவி. மூன்றும் அதில் இருந்தன. உமர் (ரலி) அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனின்றி ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். கூச்சத்தால் தலை குனிந்த மகளிடம் விடையைக் கேட்டுப் பெற்றார்கள். அறிவிப்புகளில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் வருகிறது. அதற்கு மேல் படைவீரர்களை நிறுத்தி வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். மனைவியை நெருங்குவதில்லை எனச் சத்தியம் செய்தவர்களுக்குத் திருக்குர்ஆன் (2:226) வைக்கும் வரம்பும் நான்கு மாதமே. மனைவி மனமொப்பினால் கூடுதலாகத் தங்கலாம் என்று அறிஞர்கள் சலுகை தருகிறார்கள். ஆனால் எங்களிடம் யாரும் மனமொப்புகிறீர்களா என்று கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு இவ்வாறு இருந்தது. ஒப்பந்தம் இரண்டாண்டு. நிறுவனம் தரும் டிக்கெட் இரண்டாண்டுக்கு ஒருமுறை. எனவே அறுபது நாள் விடுப்பைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக வருவது வழக்கம். முதல் பதினைந்து நாள் விருந்து. அடுத்த பதினைந்து நாள் மருதம், அதாவது ஊடல். அகப்பாடலில் ஊடலுக்குக் காரணம் பரத்தை. எங்களுக்கு அந்தக் காரணமில்லை, அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் ஊடுவது, இரண்டாண்டாக நாங்கள் நடத்திய வீட்டில் வந்தவுடன் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வதால். பிள்ளை அத்தாவிடம் போகாமல் எங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால். அந்தப் பிணக்கு தீர்ந்து இருவரும் இயல்பாகப் பேசத் தொடங்கும்போது பெட்டி மீண்டும் எடைக்கு வந்துவிடும்.

ஆகவே மூவரும் கலந்து பேசி, நள்ளிரவு அழைப்பில் முதன்முறையாக வீட்டுச் செலவல்லாத ஒன்றைக் கேட்டோம். இரண்டாண்டுக்கு அறுபது நாள் வேண்டாம். ஆண்டுக்கு முப்பது நாள் வாருங்கள். இடையாண்டு டிக்கெட்டை நம் கையிலிருந்து போட்டுக்கொள்வோம். அதற்காக மாடியில் கட்டவிருந்த அறையைத் தள்ளி வைப்போம். அமீரகத்தில் இருப்பவருக்குச் சட்டப்படியே ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பு உண்டு. அவர் உடனே ஒப்புக்கொண்டார். சவூதியில் உள்ள இருவரில் ஒருவருக்கு முதலாளி இசைந்தார். பெரியவருக்கு இன்னும் விடை வரவில்லை. ஆனால் அவர் மூத்தவளிடம், “நீ இப்படி நினைத்தாய் என்று எனக்குத் தெரியாதே” என்றாராம். பதினோராண்டுத் திருமணத்தில் அப்படி ஒரு பேச்சு முதன்முறை நடந்திருக்கிறது.

இதையெல்லாம் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஒரு சபராளியின் மனைவியாக இருந்தவர். கடிதத்துக்கும் மறுகடிதத்துக்கும் நடுவே மாதங்கள் போன காலம் அவருடையது. “உங்கள் மூவருக்கும் திணை சொல்லிவிட்டீர்கள். மகன்மாரை அனுப்பிவிட்டு இருக்கிறவளுக்கு எந்தத் திணை?” என்று கேட்டார்.

இளையவள் புத்தகத்தைப் புரட்டினாள். தலைவனுடன் போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்பும் துறை பாலையில் இருக்கிறது. மகனைப் போருக்கு அனுப்பும் தாய் புறப்பாடல்களில் இருக்கிறாள். பொருள் தேடப் போன மகனுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தாய்க்கு அகத்தில் ஓர் இடத்தை அவளால் காட்ட முடியவில்லை.

மாமியார் சற்று நேரம் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு பாங்கு கேட்டது. ஒளூச் செய்ய எழுந்து போய்விட்டார்.